டாக்டர் படம் பார்த்து டாக்டர் ஆகலாமான்னு முடிவு பண்ண முடியுமா?

"மேடம், நான் கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் ஒன், பயாலஜி குரூப். நீட் எழுதுன்னு மிஸ் சொல்றாங்க, வீட்லயும் ஆசை. ஆனா எங்க சொந்தத்துல டாக்டர் யாருமே இல்ல, அந்த வேலை உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு கேக்க ஆளில்ல. அதான் லீவுல டாக்டர் படமா தேடித்தேடி பார்த்தேன். வசூல்ராஜா பார்த்து அழுதேன், மெர்சல் பார்த்து இதான் என் வேலைன்னு தோணுச்சு, ரமணா பார்த்து வேண்டவே வேணாம்னு தோணுச்சு. ஆபரேஷன் சீன் வந்தா தலை சுத்துது, அப்ப எனக்கு இது செட் ஆகாதா? படம் பார்த்து வேலை தேடுற ஒரே ஆளு நீதான்னு அண்ணன் சிரிக்கிறான். நிஜமா இருக்குற படம் எதுன்னு சொல்லுங்க மேடம்."
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

அண்ணன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்மா. வீட்ல டாக்டர் இருக்குற பசங்களுக்கு இதெல்லாம் சும்மாவே தெரிஞ்சுடும், அப்பா நைட் டூட்டி முடிச்சு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வர்றாரு, தீபாவளி அன்னைக்கு போன் வந்தா அம்மா எப்படி கிளம்புறாங்கன்னு பார்த்துதான் வளருதுங்க. உனக்கு அது கிடைக்கல, அதனால படத்துல தேடுற. தேடுன இடம் தப்பில்ல, தேர்ந்தெடுத்த படம்தான் தப்பு.

நீ சொன்ன மூணுமே டாக்டர் வேலையைப் பத்தின படம் இல்ல. மூணும் நோயாளி பக்கத்துல நின்னு, ஆஸ்பத்திரி மேல இருக்குற கோபத்துல எடுத்த படங்கள். அந்தக் கோபத்துல நியாயம் இல்லாம இல்ல. ரமணாவுல செத்தவருக்கு வைத்தியம் பாக்குற மாதிரி நடிச்சு பில் போடுற சீன் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் ஐசியூ வாசல்ல நிக்கிற சொந்தக்காரங்க "உயிர் இருக்கா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க"ன்னு எங்களைக் கேக்குறப்போ அந்த சீன் அவங்க கண்ணுல தெரியும். ஆனா அதைப் பார்த்து ஜனங்க டாக்டரை எப்படிப் பாக்குறாங்கன்னுதான் நீ தெரிஞ்சுக்க முடியும். டாக்டரா இருந்தா காலைல எட்டு மணிக்கு என்ன வேலைன்னு தெரியாது.

பழைய படம்னா நெஞ்சில் ஓர் ஆலயம், 1962ல ஸ்ரீதர் எடுத்தது, கிட்டத்தட்ட முழுக் கதையும் ஆஸ்பத்திரிக்குள்ளதான். அருமையான படம், ஆனா தன்னோட பழைய காதலியோட புருஷனுக்கு அந்த டாக்டரே ஆபரேஷன் பண்றாரு பாரு, நிஜத்துல நாங்க பண்ண மாட்டோம். மனசு சம்பந்தப்பட்ட கேஸ்னா கூட வேலை செய்ற இன்னொரு சர்ஜன்கிட்ட கொடுத்துட்டு வெளியில நிப்போம். கதைக்கு அவர் உள்ள போகணும், அதனால போறாரு. பெரும்பாலான டாக்டர் படங்கள்ல நடக்குறது இதுதான், கதைக்காக வேலையை வளைச்சுக்குவாங்க.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்குறது

நான் மூணு விஷயம் பார்ப்பேன். முதல்ல, யார் எடுத்தாங்க. எழுதுன ஆளோ எடுத்த ஆளோ அந்த வேலைக்குள்ள இருந்தவங்களா? ரெண்டாவது, ஹீரோ யாரு. பெரிய சர்ஜன் ஹீரோவா இருந்தா உனக்குப் பிரயோஜனம் கம்மி, ஏன்னா நீ அங்க போய் சேர இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும், முதல் வருஷ ஸ்டூடன்ட், ஹவுஸ் சர்ஜன், டூட்டி நர்ஸ், இவங்க ஹீரோவா இருக்குற படத்தைத் தேடு. மூணாவது, கதை எத்தனை நாள்ல நடக்குது. ஒரு டாக்டரோட முப்பது வருஷ வாழ்க்கையை ரெண்டரை மணி நேரத்துல சொன்னா நடுவுல இருக்குற சாதாரண நாளெல்லாம் வெட்டுப்பட்டுடும், ஒரே ராத்திரி, ஒரே ஷிஃப்ட்னு எடுத்தா அந்த சாதாரண நாளைத் தவிர காட்டுறதுக்கு வேற ஒண்ணும் இருக்காது. 2025ல வந்த "தி பிட்" அமெரிக்கன் சீரிஸ்ல ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம்னு முதல் சீசன் முழுக்க எமர்ஜென்சி வார்டுல ஒரே ஒரு ஷிஃப்ட்தான். ரத்தம் ஜாஸ்தி, அதனால உனக்கு இப்ப வேண்டாம்.

இந்த மூணும் சேர்ந்து பொருந்துற ஆள்னா எனக்குத் தெரிஞ்சு தோமா லில்தின்னு ஒரு பிரெஞ்சு டைரக்டர். அவரே டாக்டருக்குப் படிச்சு வேலை பார்த்தவர். தேடும்போது பிரெஞ்சு பேரையே போட்டுத் தேடு: Hippocrate 2014, Première année 2018. தமிழ்ல டப்பிங் எதிர்பார்க்காத, இங்கிலீஷ் சப்டைட்டிலோட பாரு, புரியாத இடத்துல நிறுத்தி நிறுத்திப் பாரு.

முதல்ல பிரெமியர் ஆனே. உன் வயசுக்கும் உன் நிலைமைக்கும் நேரா வர்ற படம் இதுதான். அந்தக் காலத்து பிரான்ஸ்ல ஸ்கூல் முடிச்ச யார் வேணாலும் மெடிசின் முதல் வருஷத்துல சேரலாம், வருஷத்துக்குள்ள நடக்குற போட்டித் தேர்வுல ரேங்க் போட்டு கொஞ்ச பேரை மட்டும் மேல அனுப்பிட்டு மிச்ச பேரைக் கழிச்சுடுவாங்க, நம்ம நீட்டை காலேஜுக்குள்ள தூக்கி வச்சா எப்படியோ அப்படி (அந்த முறையை அப்புறம் 2020ல மாத்திட்டாங்க). ஒருத்தன் மூணாவது தடவையா அதே முதல் வருஷத்தைப் படிக்கிறான், இன்னொருத்தன் புதுசா வர்றான், ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கிறாங்க. படத்துல நோயாளி அநேகமா கிடையாது. படிப்பு, கேள்வித்தாள், தூக்கம் இல்லாத கண்ணு, ரேங்க் லிஸ்ட், அவ்வளவுதான். அதுல கவனிக்க வேண்டியது, மூணாவது தடவை எழுதுறவனுக்கு டாக்டர் ஆகணும்னு வெறி, புதுசா வந்தவனுக்கு அவ்வளவு ஆசை இல்ல ஆனா அந்த மாதிரி பரீட்சைக்கு மண்டை நல்லா வேலை செய்யுது. ஆசையும் பரீட்சைத் திறமையும் வேற வேறன்னு ரெண்டு மணி நேரத்துக்குள்ள புரிஞ்சுடும். படம் முடிஞ்சதும் இந்த ரெண்டுல உங்கிட்ட எது இருக்கு, எது இல்லன்னு யோசிச்சு ஒரு பேப்பர்ல எழுதி வை.

ஒரே ஒரு சீனை எப்படிப் பாக்குறது

அடுத்தது ஹிப்போக்ராட். பெஞ்சமின்னு ஒரு பையன், வயசு 23, பாரிஸ்ல ஒரு ஆஸ்பத்திரி வார்டுல இன்டர்னா சேர்றான், அந்த வார்டுக்கு சீஃப் அவங்க அப்பாவேதான். கூட அப்தெல்னு இன்னொருத்தர், அல்ஜீரியாவுல நல்ல அனுபவம் உள்ள டாக்டர், ஆனா அங்க வந்து இன்டர்ன் அளவு வேலைதான் பாக்க முடியுது.

பெஞ்சமின் டூட்டியில இருக்குற ஒரு ராத்திரி, வார்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு குடிகார பேஷண்ட் வயிறு வலிக்குதுன்னு சொல்றாரு. ஈசிஜி எடுத்திருக்கணும். மெஷின் ரிப்பேர். சரி விடுன்னு வலிக்கு மருந்து போட்டுட்டு பையன் போயிடுறான். விடியுறதுக்குள்ள அந்த ஆள் செத்துப் போயிடுறாரு. அப்புறம் சம்சாரம் வந்து கேக்குறப்போ ஈசிஜி எடுத்தோம், நார்மல்னு சொல்றாங்க. அப்பாவே பையனைக் காப்பாத்துறாரு.

இதை நீ சாதாரணமா பார்த்தா "ஐயோ பாவம், கெட்ட ஆஸ்பத்திரி"ன்னு தோணும். நான் சொல்ற மாதிரி பாரு. வயிறு வலிக்கு ஏன் ஈசிஜின்னு முதல்ல கேளு. இதயத்தோட அடிப்பக்கத்துல அட்டாக் வந்தா நெஞ்சு வலிக்காம மேல்வயிறு மட்டும் வலிக்கலாம், கேஸ் டிரபிள்னு அவங்களும் நினைப்பாங்க, பார்க்குறவங்களும் நினைப்பாங்க. ஈசிஜின்னா பத்து ஒயரை ஒட்டி பன்னண்டு கோணத்துல ஒரு கோடு எடுக்குறது, எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்தை விட்டதுக்கு மூணு காரணம் அந்த சீன்லயே இருக்கு. மெஷின் வேலை செய்யல, அது ஆஸ்பத்திரி குத்தம். பக்கத்து வார்டுல கேட்டு வாங்கணும்னு பையனுக்குத் தோணல, அது அனுபவம் இல்லாத குத்தம். அப்புறம் அவர் குடிகாரர், எப்பவும் வர்ற ஆள், பட்டப்பேர் வேற வச்சிருக்காங்க, அதனால அந்த வலி காதுல சரியா விழல. இந்த மூணாவதுதான் பயங்கரம். இது நம்ம ஊர் ஜிஹெச்லயும் நடக்கும், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிலயும் நடக்கும்.

இப்ப உன்னையே கேட்டுக்க வேண்டியது: ராத்திரி ரெண்டு மணி, கண்ணு சொருகுது, குடிச்சுட்டு கத்துற ஒருத்தர் வலிக்குதுன்னு சொல்றாரு, மெஷின் இல்ல, எழுந்து நாலு வார்டு தள்ளிப் போய் கேட்டு வாங்கிட்டு வருவியா? வருவேன்னு உடனே சொல்லாத. வீட்ல பாட்டி ராத்திரி மூணாவது தடவை கூப்பிடறப்போ நீ எப்படி எழுந்திரிக்கிறன்னு பாரு, அதான் உண்மையான பதில். மெர்சல் பார்த்து வர்ற வேகம் அந்த நேரத்துல கைகொடுக்காது.

அந்தப் படத்தோட பின்பாதியில வயசான கேன்சர் அம்மா ஒருத்தங்க வர்றாங்க, அவங்க வலி, மார்ஃபின், எது வரைக்கும் வைத்தியம் பண்றதுன்னு போகும். கனமான பகுதி. அம்மாவையோ மிஸ்ஸையோ கூட வச்சுக்கிட்டுப் பாரு, தனியா பாக்காத.

நம்ம பக்கத்துல எடுத்ததுன்னா மலையாளத்துல வைரஸ், 2019, ஆஷிக் அபு எடுத்தது. 2018 மே மாசம் கோழிக்கோடு பக்கம் நிபா வந்துச்சே, அந்தக் கதை. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா படத்தோட பாதி வேலை ஊசியும் கத்தியும் இல்ல, கேள்வி கேக்குறது. இந்த பேஷண்ட் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போனாரு, பக்கத்து பெட்ல யார் இருந்தாங்க, எந்த நேரத்துல யாரைத் தாண்டிப் போனாருன்னு ஒவ்வொருத்தரா பிடிச்சுப் பிடிச்சு கேட்டு, யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு கோடு போடுறாங்க. இதுவும் டாக்டர் வேலைதான், எம்பிபிஎஸ்ல கம்யூனிட்டி மெடிசின்னு ஒரு சப்ஜெக்ட் இருக்கு, பசங்க அதை தூங்குறதுக்குன்னே வச்சிருப்பாங்க. படம் பார்க்கும்போது ஆபரேஷன் சீனை விட இந்தத் தேடல்ல உனக்கு ஆர்வம் வந்துச்சுன்னா அதைக் குறிச்சு வை.

இன்னொண்ணு, ருமேனியா படம், தி டெத் ஆஃப் மிஸ்டர் லாசரெஸ்கு, 2005. ஒரு ராத்திரி, ஒரு கிழவர், ஒரு ஆம்புலன்ஸ் அம்மா, ஆஸ்பத்திரி மாத்தி ஆஸ்பத்திரி. வாயில குடி வாசனை வருதுன்னு போற இடத்துல எல்லாம் முதல்ல திட்டு. ஒரு இடத்துல மூளையில ரத்தம் கட்டி குழம்பிப் போயிருக்குற மனுஷன்கிட்ட ஆபரேஷனுக்கு கையெழுத்து போடுன்னு கேக்குறாங்க, அவர் போடல, அதனால ஆபரேஷன் முடியாதுன்னுடுறாங்க. கையெழுத்துன்னா என்ன, புரிஞ்சுதான் ஒருத்தர் வேண்டாம்னு சொல்றாரான்னு யார் பாக்கணும், எல்லாம் அந்த ஒரு சீன்ல இருக்கு. மெதுவான படம், ரெண்டரை மணி நேரம், போர் அடிக்கும். நைட் டூட்டியும் அப்படித்தான் இருக்கும். காலேஜ் போனப்புறம் பார்த்தாலும் போதும்.

டெல்லி எய்ம்ஸ் ஹாஸ்டலைப் பத்தி அபய் குமார் எடுத்த பிளசீபோன்னு ஒரு டாக்குமெண்டரி இருக்கு, 2014. சீட் கிடைச்சுட்டா வாழ்க்கை செட்டில்னு நினைக்கிற அப்பா அம்மா கட்டாயம் பாக்கணும். ஆனா அதுல மாணவர்கள் தற்கொலை பத்தி வருது, அதனால பரீட்சை டென்ஷன்ல இருக்குற உனக்கு இப்ப அதைச் சொல்ல மாட்டேன். வீட்ல பெரியவங்க பார்க்கட்டும்.

படம் எங்க பொய் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்

சுலபமான டெஸ்ட் ஒண்ணு. மானிட்டர்ல கோடு நேரா படுத்துடும், டாக்டர் ஓடி வந்து ஷாக் கொடுப்பாரு, பேஷண்ட் துள்ளி விழுந்து கண்ணு முழிப்பாரு. அந்தப் படத்துல இருந்து வேலையைக் கத்துக்காத. நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுக்குறதே கிடையாது. இதயம் தாறுமாறா துடிக்கிற சில நிலைமைகளுக்குத்தான் ஷாக், கோடு படுத்தா மருந்து போடணும், நெஞ்சை அமுக்கணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, குறைஞ்சது அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, அமுக்குறவங்க கை ஓஞ்சு போயிடும்னு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாறுவாங்க.

1996ல அமெரிக்காவுல இதையே உக்காந்து எண்ணிப் பார்த்தாங்க. டிவி சீரியல்கள்ல இப்படி நெஞ்சை அமுக்கின பேஷண்ட்கள்ல 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்கு பிழைச்சுடுறாங்க. நிஜத்துல ஆஸ்பத்திரிக்குள்ளயே இதயம் நின்னாலும் உயிரோட வீட்டுக்குப் போறது நாலுல ஒருத்தர் இருந்தா அதிகம். ஏன் இதை இவ்வளவு சொல்றேன்னா, காப்பாத்துற சந்தோஷத்துக்காக மட்டும் இந்த வேலைக்கு வர்றவங்க, முதல் மூணு நாலு பேர் கைக்கு எட்டாம போனதும் உடைஞ்சு போயிடுறாங்க. போன உயிரை வெளியில நிக்கிற பையன்கிட்ட எப்படிச் சொல்றது, அதுக்கு முன்னாடி அந்தப் பையனை உக்கார வைக்கணும், தண்ணி கொடுக்கணும், "இறந்துட்டாரு"ங்கிற வார்த்தையை சுத்தி வளைக்காம சொல்லணும். அந்தச் சீனை ஒழுங்கா காட்டுற படம் கிடைச்சா விட்டுடாத.

எந்தப் படமும் காட்டாத ஒண்ணும் இருக்கு, எழுத்து வேலை. கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தம் எடுத்த டியூப்ல பேர் எழுதி லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வரலன்னு லேபுக்கே நடந்து போறது. ஹவுஸ் சர்ஜன் வருஷத்துல பெரும் பகுதி இதுதான். இதை யாராவது படமா எடுத்தா யாரு டிக்கெட் வாங்குவா.

தலை சுத்துறது பத்தி

இதுக்காக வேண்டாம்னு முடிவு பண்ணாத. ரத்தம் பார்த்தா சிலருக்கு பிரஷரும் நாடித் துடிப்பும் சட்டுனு இறங்கும், அதான் மயக்கம். மெடிக்கல் காலேஜ்ல முதல் தடவை ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறப்போ சரிஞ்சு விழுற பசங்க வருஷா வருஷம் உண்டு, அதுல சர்ஜன் ஆனவங்களும் உண்டு. தலை சுத்துற மாதிரி வந்தா கை, கால், வயித்துச் சதையை பத்து பதினஞ்சு செகண்ட் இறுக்கிப் பிடி, விடு, அரை நிமிஷம் கழிச்சு திரும்ப இறுக்கு. படம் பாக்கும்போதே இதைப் பழகலாம், வீட்ல சோபாவுல உக்காந்துக்கிட்டு. ரத்தத்தைப் பார்க்காமலே அடிக்கடி மயக்கம் வந்தா மட்டும் ஒரு டாக்டர்கிட்ட காட்டு, இரும்புச்சத்து குறைவா இருக்கலாம்.

"நான் சர்ஜன் ஆகப் போறதில்ல, அதனால ரத்தம் பாக்க வேண்டாம்"னும் கணக்கு போடாத. பின்னாடி மனநல டாக்டர் ஆனாலும் ஸ்கேன் பாக்குற டாக்டர் ஆனாலும், எம்பிபிஎஸ் நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், இதுக்குள்ள பிணத்தை அறுத்துப் படிக்கிறதும் பிரசவ வார்டும் சர்ஜரியும் எல்லாருக்கும் உண்டு.

படத்துக்கு அப்புறம்

கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுலேர்ந்து படிச்சிருந்தா உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, 2020லேர்ந்து. அதனால சீட் கிடைக்கிறது உனக்கு வெறும் கனவு இல்ல, அதனாலயே முன்னாடியே யோசிக்கணும்னு சொல்றேன். சேர்ந்துட்டு நடுவுல விட்டா வருஷமும் போகும், கட்ட வேண்டிய தொகையும் இருக்கு, அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல அந்தப் பக்கத்தை அப்பாவோட உக்காந்து படி. படம் பார்த்தப்போ உனக்கு மனசு போனது டாக்டர் பக்கமா, லாசரெஸ்கு கூடவே ராத்திரி பூரா அலையுற ஆம்புலன்ஸ் அம்மா பக்கமா, வைரஸ்ல வர்ற நர்ஸ் பக்கமான்னும் பாரு. நர்சிங், பாராமெடிக்கல் எல்லாம் தோத்தவங்க போற இடம்னு வீட்ல சொல்லுவாங்க, அது தப்பு, அது வேற வேலை, பேஷண்ட் கூட இருக்குற நேரம் எங்களை விட அவங்களுக்குத்தான் அதிகம்.

ரெண்டு படம் பார்த்து முடிச்சதும் ஒரு நாள் காலைல எட்டு மணிக்கு உங்க ஊர் ஜிஹெச் ஓபி வரிசைக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சுல போய் உக்காரு, சொந்தத்துல யாராவது பிரஷர், சுகர் மாத்திரை வாங்கப் போவாங்க, அவங்க கூடப் போ. ஒரு டாக்டர் ஒரு பேஷண்டுக்கு எத்தனை நிமிஷம் கொடுக்குறாரு, எத்தனை தடவை நிமிர்ந்து மூஞ்சியைப் பாக்குறாருன்னு பாரு. போனை எடுத்து வீடியோ மட்டும் எடுக்காத, வார்டுக்குள்ளயும் சொல்லாம நுழையாத, அங்க படுத்திருக்கிறவங்க யாரும் உனக்குக் காட்சிப் பொருள் இல்ல. ஹவுஸ் சர்ஜன் யாராவது கொஞ்சம் ஓய்வா டீ குடிச்சுட்டு இருந்தா போய் கேளு. "டாக்டர் வேலை நல்லாருக்கா"ன்னு கேட்டா "நல்லாருக்கும் மா, படி"ன்னு அனுப்பிடுவாங்க. "நேத்து நைட் பன்னண்டுலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் என்னென்ன பண்ணீங்க அக்கா"ன்னு கேளு. அதுக்கு வர்ற பதில்ல எத்தனை விஷயம் ஹிப்போக்ராட்ல பார்த்த, எத்தனை பார்க்கலன்னு ஒப்பிட்டு எனக்கு எழுது, அப்புறம் மேல பேசலாம்.